கட்டிலிலிருந்து காலி வீதி வரை

"இத யார் வேணும்னாலும் எழுதலாமே" என்று சொல்லி ஸ்ரீலேகா என் விண்ணப்ப ஸ்டேட்மென்டை மேசையில் போட்டாள். நான் மூன்று இரவு தூக்கம் கெட்டு எழுதியது. அவள் அதைப் படித்து முடிக்கத் தேநீர் ஆறும் நேரம்கூட எடுக்கவில்லை.

எங்கள் அலுவலகம் கொட்டாஞ்சேனையில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. கட்டிடங்களுக்குப் படம் வரைந்து மாநகரசபை அனுமதிக்குத் தயார்செய்து கொடுப்பது வேலை. நானும் ஸ்ரீலேகாவும் எதிரெதிர் மேசை. போன வருடம் அவளுக்கு நகரத் திட்டமிடல் முதுமாணிப் படிப்புக்கு இடம் கிடைத்தது. வார இறுதிகளில் படிக்கப் போகிறாள். அன்றிலிருந்து அவளுக்குத் தெருவில் ஒரு பள்ளத்தைக் கண்டாலும் அதற்கு ஒரு கோட்பாடு தெரிகிறது. எனக்கும் அந்தப் படிப்பு வேண்டும். பிறர் கேட்ட சுவரைக் கேட்ட இடத்தில் வரைந்து கொடுத்தே கிழவியாகிவிடுவேனோ என்ற பயம் எனக்கு உண்டு.

விண்ணப்பத்தில் கேட்டிருந்தது இவ்வளவுதான்: நீங்கள் அன்றாடம் அனுபவிக்கும் ஒரு நகரப் பிரச்சினை எது, அதை எப்படி ஆராய்வீர்கள். நான் பஸ்ஸைப் பற்றி எழுதியிருந்தேன். வெள்ளவத்தையில் ஏறி கொட்டாஞ்சேனையில் இறங்கும்வரை நின்றுகொண்டு வருவது, தரிப்பிடமே இல்லாத இடத்தில் நிறுத்துவது, பஸ்ஸுக்கென்று தனிப் பாதை இல்லாதது எல்லாவற்றையும்.

"பிழை ஒண்ணுமில்ல சுபா. ஆனா விண்ணப்பிக்கிறவங்கள்ல பாதிப் பேர் பஸ்தான் எழுதுவாங்க. இதுல நீ எங்க இருக்க?"

"நான் பஸ்ஸுக்குள்ளதான் நிக்கிறன். இடமில்லாமல்."

அவள் சிரிக்கவில்லை. "உன்ன ராத்திரி தூங்க விடாத விஷயம் எதுவோ, அத எழுது" என்றாள்.

அது எது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்பாவின் செத்தவீட்டுக்கு அவள்தான் அலுவலகத்திலிருந்து முதலில் வந்தவள்.

நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், ஒரு தொடர்மாடியின் ஐந்தாம் மாடி. அப்பா நாகேந்திரம் புதுக்கடை நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். கட்டிடம் அத்திவாரத்தில் இருக்கும்போதே பணம் கட்டி வாங்கிய வீடு. அப்பாவுக்கு அந்த வீட்டில் ஒரு பெருமை இருந்தது. வருகிறவர்களுக்கு முதலில் காட்டுவது கடலை இல்லை. ஹோலைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போய், சாமியறைக் கதவைத் திறந்து, "உது நான் கேட்டு எடுத்தது. பிளானில இருக்கேல்லை" என்பார்.

உண்மைதான். கட்டுகிற கொம்பனி முதலில் காட்டிய படத்தில் சாமியறை இல்லை. அப்பாவும், எங்களுக்கு மேலும் கீழும் வாங்கிய மற்றக் குடும்பங்களும் போய், சாமியறை இல்லாத வீட்டை யார் வாங்குவார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஆட்களுக்குக் குளியலறையில் கை நீட்ட இடமில்லாவிட்டாலும் பரவாயில்லை, சாமிக்குத் தனிக் கதவு வேண்டும். கொம்பனிக்காரரும் விற்றால் சரி என்று எங்கிருந்தோ இடம் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். எங்கிருந்து என்று ஒருவரும் கேட்கவில்லை.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில், அப்பா கட்டிலில் எழும்பி உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்தார். அம்புலன்ஸுக்கு அடித்தோம். அது காலி வீதிக்குச் சீக்கிரமாகவே வந்தது. ஒழுங்கையில் இரண்டு பக்கமும் கார்கள் நின்றதால் வாயிலேயே நின்றுவிட்டது. அவர்கள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்கள். அது லிஃப்டுக்குள் போகவில்லை. சரித்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள். கடைசியில் வெறும் ஸ்ட்ரெச்சரைப் படியால் தூக்கி வந்தார்கள். அப்பாவைக் கிடத்தி இறக்கும்போது, படி திரும்புகிற இடத்தில் அது சுவரில் இடித்து நின்றுவிட்டது. திரும்ப மேலே கொண்டுவந்தார்கள். பிறகு யாரோ பிளாஸ்ரிக் கதிரை கேட்டார்கள். எங்கள் பல்கனிக் கதிரையில் அப்பாவை இருத்தி லிஃப்டுக்குள் வைத்தார்கள். கதிரையோடு அம்புலன்ஸ் பெடியனும் அம்மாவும் நிற்க மட்டும்தான் இடமிருந்தது. நான் படியால் ஓடினேன். நான் கீழே போய்ச் சேர, லிஃப்ட் கதவு திறந்தது. அப்பாவின் தலை அம்மாவின் கையில் சாய்ந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்தது. கடைசியாக "முருகா" என்றார் என்று அம்மா சொன்னார். நானும் அதைத்தான் எல்லோருக்கும் சொன்னேன்.

உடல் வீட்டுக்கு வரவில்லை. தொடர்மாடி நிர்வாகக் குழு உடல்களை மேலே கொண்டுவர விடுவதில்லை. விட்டாலும் பெட்டி லிஃப்டுக்குள் போகாது. இறுதிச்சடங்கு நடத்தும் மலர்ச்சாலையில் வைத்து, அங்கிருந்தே கனத்தை மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். பெண்கள் வீட்டு வாசல் படலைவரை போய் வழியனுப்புவது எங்கள் வழக்கம். மலர்ச்சாலைக்கு ஏது படலை? வாகனங்கள் பின்னால் எடுக்கிற இடத்தில் அம்மா நின்றார். ஒரு வான்காரன் ஹோர்ன் அடித்தான். அம்மா விலகி நின்றார். அவ்வளவுதான் வழியனுப்பல்.

அதற்குப் பிறகுதான் லிஃப்ட் வரத் தொடங்கியது.

பின்னேரங்களில், அப்பா கடலோர மரைன் டிரைவில் நடந்துவிட்டு வீடு திரும்பும் நேரத்துக்கு, லிஃப்ட் ஐந்தாம் மாடியில் வந்து நிற்கும். கதவு திறக்கும். உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள். கொஞ்சநேரம் திறந்தபடி நின்றுவிட்டு மூடும். லிஃப்ட் ஏறி வரும் சத்தம் சாமியறைச் சுவருக்குப் பின்னால் கேட்கும். கேட்டதும் அம்மா எழும்பிப் போய் வீட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "வாங்கோப்பா" என்பார். பிறகு, விருந்தாளிக்குத் தேநீர் கொடுத்து முடித்தவர் போல வந்து இருப்பார்.

முதல் தடவை நான் பார்த்தபோது எனக்கு முதுகு குளிர்ந்தது. அம்மா இருபத்தைந்து வருடம் ஆங்கிலம் படிப்பித்தவர், சாத்திரம் பார்க்கிறவர்களை வாசலில் வைத்தே திருப்பி அனுப்புகிறவர். அவர் பேய்க்குக் கதவு திறப்பதை எந்த மகள் தாங்குவாள்? லிஃப்ட் திருத்துகிற ஹபீஸைக் கூப்பிட்டேன். அவர் எங்கள் மாடிப் பட்டனைக் கழற்றிப் பார்த்தார்.

"கடல் உப்பு புடிச்சிருக்கு டீச்சர். யாரும் தொடாமலே இது அமருது. பின்னேரக் காத்துக்கு இன்னும் மோசம். புதுசு போட்டுத் தாறன்."

"வேண்டாம் ஹபீஸ். அது தன்ர பாட்டில இருக்கட்டும்" என்றார் அம்மா.

ஹபீஸ் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பட்டன் அப்படியே இருந்தது.

ஸ்ரீலேகா சொன்ன பிறகு ஒரு ஞாயிறு, அலுவலகத்து லேசர் அளவுகருவியைக் கொண்டுவந்து வீட்டை அளந்தேன். வாடிக்கையாளர் வீட்டை அளப்பதுபோல் ஒவ்வொரு சுவராக. கருவியின் சிவப்புப் புள்ளி சாமியறையில் பிள்ளையாரின் வயிற்றில் போய் விழுந்தது. அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். வெளியே போய் லிஃப்டின் உள்ளளவையும் எடுத்தேன். பிறகு மேசையில் இருந்து கணினியில் வரைந்தேன்.

படம் பொய் சொல்லாது என்று அலுவலகத்தில் நாங்கள் பெருமையடிப்போம். அன்று அது கொஞ்சம் பொய் சொன்னால் நல்லது என்று நினைத்தேன். லிஃப்டின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது எங்கள் சாமியறை. ஸ்ட்ரெச்சர் படுக்கையாகப் போகும் லிஃப்டுக்கு உட்புறம் ஏழடி ஆழம் வேண்டும். எங்கள் லிஃப்டில் இருப்பது நாலடியும் கொஞ்சமும். குறைகிற அளவும் சாமியறையின் ஆழமும் கிட்டத்தட்ட ஒன்று. எங்கள் வீட்டுக்குப் பின்னால் லிஃப்ட் இல்லை. லிஃப்டுக்குள்தான் எங்கள் வீடு கொஞ்சம் இருக்கிறது.

ஸ்ட்ரெச்சரை ஒரு பெட்டியாக அளவுக்கு வரைந்து லிஃப்டுக்குள் வைத்தேன். கால்பக்கம் கதவோடு ஒட்டி நிற்க, தலைப்பக்கம் சுவரைத் தாண்டிச் சாமியறைக்குள் போய்க் குத்துவிளக்கில் முட்டியது. அப்பா ஒவ்வொரு காலையும் திருநீறு பூசிக்கொண்டு நிற்கிற இடம். என் விரல் மவுஸில் இருந்தபடியே அழுதேன். அம்மாவுக்குக் கேட்காமல் அழுவதற்கு அந்த வீட்டில் இடம் போதாது. எழும்பிப் போய்க் குளியலறைத் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

மறுநாள் ஸ்ரீலேகாவுக்குப் படத்தைக் காட்டினேன். அவள் நெடுநேரம் பார்த்தாள். பிறகு, அவளுக்கே சொல்ல விருப்பமில்லாத குரலில், "ஒரு லிஃப்டு கட்டிடக்கலைக்காரன் பிரச்சினை. திட்டமிடல்னா தெருவுக்கு வரணும், ஊருக்கு வரணும். ஒங்க ஒழுங்கையில மத்தக் கட்டிடமெல்லாம் எப்படி?" என்றாள்.

கோபத்தோடுதான் போனேன், ஆனால் போனேன். இரண்டு கிழமையாக வேலை முடிந்து வந்து, ஒழுங்கையில் கட்டிடம் கட்டிடமாக ஏறினேன். காவலாளிகளுக்குச் சிங்களத்தில் ஒரு விளக்கம், குழுத் தலைவர்களுக்குத் தமிழில் ஒரு விளக்கம், ஆங்கிலத்தில்தான் கதைப்பேன் என்கிறவர்களுக்கு ஆங்கிலத்தில். அளவுப்படி சில இடங்களில் ஸ்ட்ரெச்சர் போனது. பல இடங்களில் போகவில்லை. ஒரு கட்டிடத்தில் லிஃப்டின் இடம் களஞ்சிய அறையாகியிருந்தது, இன்னொன்றில் வேலைக்காரப் பிள்ளையின் கழிப்பறை. எங்களைப் போலச் சாமியறையும் இருந்தது. கடற்கரைப் பக்கத்துக் கட்டிடத்தில் நப்லா என்ற பெண் என்னை இருத்தித் தேநீர் தந்து, தன் மாமியைப் படுக்கை விரிப்பில் சுற்றி நாலு பேர் படியால் இறக்கிய கதையைச் சொன்னார். "மாமி கண்ணத் திறந்து எல்லாரையும் பாத்துக்கிட்டே வந்தாங்க. அந்தப் பார்வ இன்னும் படியில நிக்குது. நான் லிஃப்டுலதான் போறது" என்றார். எங்கள் ஒழுங்கையில் பேய் எங்கள் வீட்டுக்கு மட்டும் வருவதில்லை என்று அன்றுதான் தெரிந்தது.

பிறகு எழுத வந்தது. போக்குவரத்துக் கணக்கெடுப்பில் ஒரு பயணத்தை வீட்டு வாசலிலிருந்து எண்ணத் தொடங்குகிறோம். ஆனால் வெள்ளவத்தையில் பயணம் தொடங்குவது கட்டிலில். கட்டிலிலிருந்து லிஃப்ட், லிஃப்டிலிருந்து ஒழுங்கை, ஒழுங்கையிலிருந்து காலி வீதி. இது முழுவதும் ஒரு தெரு. இதற்கு யாரும் பொறுப்பில்லை. லிஃப்ட் சொந்தக்காரர்களுடையது, ஒழுங்கை சபையுடையது, கார்கள் இடம் இல்லாதவர்களுடையவை. ஒவ்வொருவரும் தன் துண்டைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். நோயாளி படுத்துப் போவதற்கு மிச்சம் இல்லை. இதைக் கட்டிடம் கட்டிடமாக அளந்து வரைபடமாக்கி, அனுமதி கொடுக்கும்போது முழுப் பாதையையும் பார்க்கும் ஒரு முறையை ஆராய விரும்புகிறேன் என்று எழுதினேன். எங்கள் கட்டிடத்தைப் பற்றியும் எழுதினேன். "வாங்கியவர்கள் சிலர் வழிபாட்டறை கேட்டார்கள்" என்று.

ஸ்ரீலேகா படித்துவிட்டு, "இதுக்கு இடம் குடுக்கலன்னா நான் அங்க படிக்கப் போறத நிறுத்திடறேன்" என்றாள். பிறகு மெதுவாக, "ஒங்கம்மா படிச்சிட்டாங்களா?" என்று கேட்டாள்.

அதுதான் பிரச்சினை. நான் ஆங்கிலத்தில் எழுதும் எதுவும் அம்மாவின் சிவப்புப் பேனையைத் தாண்டித்தான் வெளியே போகும். இதை அம்மா படித்தால், காலையும் மாலையும் தான் விளக்கேற்றும் இடம்தான் அப்பாவை இருத்திக் கொண்டுபோக வைத்தது என்று தெரிந்துவிடும். அதைக் கேட்டு வாங்கியது அப்பா என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டையும் கூட்டிப் பார்க்க அம்மாவுக்கு நான் உதவி செய்யத் தயாரில்லை. கடவுளும் புருஷனும் ஒரே நாளில் போய்விடுவார்கள். ஆகவே பழைய பஸ் கட்டுரையை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, மற்றதை அனுப்புவதென்று முடிவெடுத்தேன்.

முடிவுத் திகதிக்கு முந்திய சனிக்கிழமை, அம்மா பஸ் கட்டுரையைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திருத்தினார். இரண்டு இடத்தில் காற்புள்ளி போட்டார். பேனையை மூடினார்.

"நல்லா இருக்கு. மற்றதைக் கொண்டா."

"எது மற்றது?"

"பஸ்ஸைப் பற்றி எழுதிறதுக்கு ஆரும் பிள்ளையார்ர வயித்தில லேசர் அடிக்கிறேல்லை."

மறைப்பதற்கு எனக்கு எப்போதும் திறமை போதாது. கொண்டுவந்து கொடுத்தேன். படத்தையும். அம்மா முதலில் படத்தைத்தான் பார்த்தார். ஸ்ட்ரெச்சர் பெட்டியின் மேல் விரலை வைத்து, சுவரைத் தாண்டி, விளக்குவரை மெதுவாகக் கொண்டுபோனார். அழுவார், அல்லது படத்தைக் கிழிப்பார் என்று நினைத்தேன்.

"அவர் முருகா எண்டு சொல்லேல்லை" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"லிஃப்டுக்குள்ள. அந்தப் பெடியனுக்குத் தமிழ் தெரியாது. நான் மட்டும்தான் கேட்டனான். கதிரையில இருந்து சுத்திப் பாத்தவர். பின்சுவரில கையை வச்சவர். 'இஞ்சை பாரும், இதைச் சின்னனாக்கினது நான்தான்' எண்டவர். பிறகு கதைக்கேல்லை."

வெளியே காகம் ஒன்று கரைந்தது. கடற்கரை ரயில் போகும் சத்தம் கேட்டது. இவ்வளவு காலமாக அம்மா அந்தச் சுவரின் இந்தப் பக்கத்தில் நின்று விளக்கேற்றியிருக்கிறார், அந்தப் பக்கத்தில் அப்பா கை வைத்த இடத்தைப் பார்த்தபடி. என்னைக் காப்பாற்றத்தான் முருகனைக் கூப்பிட்டிருக்கிறார். நான் அவரைக் காப்பாற்ற பஸ்ஸைக் கூப்பிட்டேன்.

"அதை ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீ அந்த அறையை இடிப்பாய். உன்ர குணம் எனக்குத் தெரியாதே?" அம்மா கண்ணைத் துடைத்தார். "அவர் அதுக்காகத்தான் வாறார், சுபா. ஒருதருக்கும் சொல்லாமல் போக ஏலாமல் வந்து வந்து நிக்கிறார். நானும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறன்."

"அது உப்பம்மா. பட்டனில உப்பு."

"எனக்குத் தெரியும் உப்பெண்டு."

பிறகு பேனையைத் திறந்தார். மூன்றாம் பந்தியில் "வாங்கியவர்கள் சிலர்" என்றிருந்ததை ஒரே கோடாக வெட்டி, மேலே எழுதினார்: என் தந்தை.

"ஆர் கேட்டது எண்டு எழுது. பேரைப் போடு. அவர் ஒளிக்கிற மனுசன் இல்லை. தன்ர அறையை எல்லாருக்கும் காட்டினவர்தானே, இதையும் காட்டட்டும்."

"அவரைக் குற்றம் சொன்னமாதிரி வருமம்மா."

"குற்றம்தான். நல்ல மனுசர் கேட்டு வாங்கின குற்றம். அதை நீ எழுதாட்டி, அடுத்த தொடர்மாடியிலயும் இன்னொரு நல்ல மனுசர் போய்க் கேப்பார்."

நான் திருத்தினேன். அந்த மேசையிலேயே, அம்மா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க, அனுப்பினேன். படத்தையும் சேர்த்து அனுப்பினேன். கிடைத்தது என்று திரையில் ஒரு வரி வந்தது. அதற்குள் பின்னேரம் ஆகியிருந்தது. கடல் காற்று யன்னல் திரைகளைத் தூக்கியது.

சுவருக்குப் பின்னால் லிஃப்ட் ஏறும் சத்தம் கேட்டது.

அம்மா எழும்பினார். இந்த முறை தலைமுடியைச் சரிசெய்து, சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன். வீட்டுக் கதவைத் திறந்தார். பக்கத்தில் லிஃப்ட் கதவு திறந்தது. வெறும் பெட்டி, ஒரு மங்கலான விளக்கு, பின்சுவர். அம்மா வாசற்படியைத் தாண்டி வெளியே போய், லிஃப்ட் வாசலில் நின்றார். அதுதான் அவருக்குக் கிடைத்த படலை.

அப்பா வெளியே கிளம்பும் ஒவ்வொரு நாளும் அம்மா சொல்வது "போட்டு வாங்கோ". போனால் வரவேண்டும் என்றுதான் எங்கள் ஊரில் வழியனுப்புவது. செத்தவீட்டில் மட்டும் அதைச் சொல்லமாட்டோம்.

"போங்கோ" என்றார் அம்மா.

லிஃப்ட் கதவு கொஞ்சநேரம் திறந்து நின்றது. பிறகு மூடியது. கீழே இறங்கும் சத்தம் கேட்டு, குறைந்து, நின்றது. அம்மா உள்ளே வந்து முகம் கழுவிவிட்டு விளக்கேற்றப் போனார்.

அடுத்த நாளும் லிஃப்ட் வந்தது. உப்பை யார் வழியனுப்புவது? அம்மாவுக்கும் சத்தம் கேட்டது. பத்திரிகையின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார், எழும்பவில்லை. நான்தான் எழும்பிப் போய்க் கதவைத் திறந்தேன்.